தம்பியின் சிறுநீரகம் மாமாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

*டொக்டர், நான் முல்லைத்தீவு மாவட்டம். வயது 29. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் தம்பி (23) மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டான். தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றி, ஐ.சி.யூவில் மெஷினில் போட்டார்கள். திங்கள் இரவு ஊழியர் ஒருவர் வாசலில் வைத்து அப்பாவிடம் "கிட்னி குடுக்கிற எண்ணம் இருக்கோ" என்று கேட்டார். செவ்வாய் மத்தியானம்தான் மூளைச்சாவு என்றார்கள். பின்னேரம் வேறொருவர் வந்து பேசினார். அப்பா கையெழுத்து வைத்தார். அம்மா வீட்டில் இருந்தா, அவவிடம் கேட்கவில்லை. சைன் வைக்கச் சொல்லி அப்பாவுக்குச் சொன்னது நான்தான்.*

*இப்போது அம்மா என்னோடு கதைப்பதில்லை. தம்பியின் நெஞ்சு துடித்தது, உடம்பு சூடாக இருந்தது, சலப் பை நிரம்பி நிரம்பி வந்தது, செவ்வாய் காலை கை அசைந்ததைப் பெரியம்மாவின் மகன் கண்டான். செத்தவன் என்றால் அதற்குப் பிறகும் ஏன் ஊசி போட்டார்கள்? கோமாவில் இருந்து எழும்பினவர்கள் இல்லையா என்று அம்மா கேட்கிறா. 2009இல் காணாமல்போன பெரியண்ணாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கவும் அவ விடவில்லை.*

*அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நெடுங்கேணிப் பக்கம் கமம் செய்தவர். மூன்று வருடமாக வவுனியாவில் டயாலிசிஸ் செய்கிறார். தம்பி பி பொசிட்டிவ், மாமா ஓ பொசிட்டிவ். இரண்டு கிட்னியும் முகம் தெரியாத ஆட்களுக்குப் போக, ஒன்றையாவது மாமாவுக்குத் தரக் கூடாதா? காசுக்கு வித்துப்போட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் பிழை விட்டேனா?*

தங்கச்சி, கடிதத்தில் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன். நான் மயக்க மருந்து வைத்திய நிபுணர். ஐ.சி.யூவில் மூளைச்சாவுச் சோதனை செய்கிற பக்கம் என்னுடையது, சிறுநீரகம் மாற்றுகிற பக்கம் வேறு ஆட்களுடையது. அந்த இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. ஊரில் வரும் சந்தேகங்களில் பாதி, இந்த விதி இருப்பது தெரியாததால் வருபவை.

அம்மாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

கோமா வேறு, இது வேறு

மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே இரத்தம் கசிந்து மூளை வீங்கினால் அழுத்தம் போக இடமில்லை. ஒரு கட்டத்தில் அந்த அழுத்தம் இரத்த அழுத்தத்தையே மிஞ்சிவிடும். அதன் பிறகு இருதயம் எவ்வளவு துடித்தாலும் மூளைக்குள் இரத்தம் ஏறாது. மூளையின் அடித்தண்டு கழுத்துப் பக்கத் துவாரத்துக்குள் நசுங்கிவிடும். மூச்சு விடு என்று கட்டளை போவது அந்தத் தண்டில் இருந்துதான். இரத்தம் இல்லாமல் சில நிமிடங்களில் மூளைக் கலங்கள் அழிந்துவிடும், அவை திரும்ப முளைப்பதில்லை.

கோமாவில் இருப்பவருக்கு மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். அநேகம் பேர் தாங்களாக மூச்சு விடுவார்கள், தொண்டையில் குழாய் விட்டால் இருமுவார்கள். அம்மா சொல்வது சரி, கோமாவில் இருந்து எழும்பியவர்கள் இருக்கிறார்கள். முறையாகச் சோதித்து மூளைச்சாவு என்று உறுதி செய்த பிறகு எழும்பியவர் இல்லை. இலங்கைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றீட்டுச் சட்டம், மூளையின் தொழிற்பாடுகள் எல்லாம் மீள முடியாதபடி நின்றுபோவதை மரணம் என்றே எடுத்துக்கொள்கிறது. "அரைச்சாவு" என்று ஒன்று அதில் இல்லை.

அப்படியானால் நெஞ்சு ஏன் துடித்தது? இருதயத்துக்கு மூளையின் கட்டளை தேவையில்லை. துடிப்பைத் தொடக்கும் இடம் அதற்குள்ளேயே இருக்கிறது. மெஷின் ஒட்சிசன் கொடுக்கும் வரைக்கும் அது துடிக்கும், உடம்பும் சூடாக இருக்கும். ஆனால் அதுவும் நெடுக நிற்காது. மெஷினைக் கழற்றாமல் விட்டாலும் பெரும்பாலும் சில நாட்களில் இருதயமும் நின்றுவிடும்.

சலப் பை நிரம்பியதை எழுதியிருக்கிறீர்கள். கிட்னி வேலை செய்கிறது, ஆகவே பிள்ளை இருக்கிறான் என்று அம்மா நினைத்திருப்பா. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஐ.சி.யூவில் நிற்கிற எங்களுக்கு அந்தப் பையைக் காணும்போது வயிறு கலங்கும். மூளையின் அடியில் உள்ள ஒரு சுரப்பி வழியாக வரும் ஹோர்மோன்தான் சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மூளை சாகும்போது பெரும்பாலும் அந்த ஹோர்மோன் நின்றுவிடும். துருசைத் திறந்துவிட்ட குளம்போல், நிறமே இல்லாத சலம் மணிக்கு அரை லீற்றர், ஒரு லீற்றர் என்று ஓடும். தாதிமார் பையை மாற்றி மாற்றி வைத்தது அதனால்தான். மூளை நின்றதற்கு அது ஒரு அடையாளம்.

கை அசைந்ததும் பொய்யாக இருக்காது. முள்ளந்தண்டு வடம் மூளைக்குக் கீழே, கழுத்தில் தொடங்குகிறது, அதற்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். கழுத்தைத் திருப்பும்போதோ, உள்ளங்காலைத் தொடும்போதோ வடம் தனியாகவே விரலை மடக்கும், காலை இழுக்கும். சிலரில் கை நெஞ்சு வரைக்கும்கூட எழும்பும். புதிதாக வேலைக்கு வந்த தாதிமாரே பயந்துபோய் ஓடி வந்து கூப்பிடுவதுண்டு. அதை உறவினர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றே தெரிகிறது.

ஞாயிறு முதல் செவ்வாய் வரை ஏன் இழுத்தார்கள்?

கிட்னிக்கு ஆள் பிடிக்கும் வரைக்கும் வைத்திருந்தார்கள் என்று ஊரில் சொல்லக்கூடும். நடந்திருக்கக்கூடியது வேறு. தலையில் அடிபட்டவருக்கு முதலில் தூக்க மருந்தும் வலி மருந்தும் ஓடவிடுவோம். அந்த மருந்துகளும் ஆளை அசையாமல் கிடத்தும். ஆகவே அவற்றை நிறுத்தி, உடம்பில் இருந்து வெளியேறக் காத்திருக்க வேண்டும். உடம்புச் சூடு இயல்பாக இருக்க வேண்டும், இரத்தத்தில் உப்பும் சீனியும் சரியாக இருக்க வேண்டும். ஸ்கானில் காரணம் தெளிவாகத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சோதனையைத் தொடங்கக் கூடாது. அவசரப்படாமல் இருந்தது நல்ல அடையாளம்.

பிறகு அனுபவமுள்ள இரண்டு வைத்தியர்கள் சோதிப்பார்கள். மாற்று சத்திரசிகிச்சைக் குழுவில் இருப்பவர் எவரும் அதில் சேர முடியாது. கண்மணியில் வெளிச்சம் அடிப்பார்கள். விழியின் மேல் பஞ்சை வைப்பார்கள். புருவ எலும்பை அழுத்துவார்கள். ஒவ்வொரு காதுக்குள்ளும் 50 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீர் விட்டு, கண் அசைகிறதா என்று பார்ப்பார்கள். குழாய் வழியாகத் தொண்டைக்குள் உறிஞ்சி இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

கடைசியாக மூச்சுச் சோதனை. இதை வெளியில் இருந்து எட்டிப் பார்த்தவர் "மெஷினைக் கழற்றினார்கள்" என்று போய்ச் சொல்வார். உண்மையில் கழற்றுவார்கள்தான். ஆனால் அதற்கு முன் முழு ஒட்சிசன் கொடுத்து, கழற்றிய பிறகும் மெல்லிய குழாய் ஒன்றால் ஒட்சிசனை விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் நெஞ்சையும் வயிற்றையும் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறும். மூச்சு மையத்தில் துளி உயிர் இருந்தாலும் அந்த ஏற்றம் அதை உதைத்து எழுப்பி மூச்சு விட வைக்கும். இரத்தம் எடுத்து, ஏறியதை அளந்து எழுதி வைப்பார்கள். எல்லாவற்றையும் இரண்டாம் முறையும் செய்த பிறகே இறந்துவிட்டார் என்று சொல்வார்கள்.

அதன் பிறகும் போட்ட ஊசிகள் தம்பிக்காக அல்ல, தம்பி கொடுத்த உறுப்புகளுக்காக. சம்மதம் கிடைத்த பிறகு இரத்த அழுத்தம் விழாமலும் சலம் அளவுக்கு மிஞ்சி ஓடாமலும் பார்க்காவிட்டால், சிறுநீரகங்கள் தியேட்டருக்குப் போக முன்பே கெட்டுவிடும். இதை அப்பாவுக்கு ஒரு வசனத்திலாவது சொல்லியிருந்தால் வீட்டில் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

உங்களிடம் கேட்ட விதம்

இதில் இரண்டு விஷயம். திங்கள் இரவு ஊழியர் வாசலில் கேட்டது பிழை, அதில் மறுபேச்சே இல்லை. மரணம் உறுதியாக முன் உறுப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. முறை இதுதான்: சிகிச்சை செய்த நிபுணர் முதலில் மரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பம் அதை விளங்கிக்கொள்ள நேரம் விட வேண்டும். அதன் பிறகே, பயிற்சி பெற்ற இணைப்பாளர் ஒருவர் தனி அறையில் இருத்திக் கேட்க வேண்டும். செவ்வாய் மத்தியானமும் பின்னேரமும் நடந்தது அந்த ஒழுங்கில்தான். ஆனால் முதல் நாள் வாசலில் விழுந்த அந்த ஒரு சொல், அடுத்த நாள் நடந்த எல்லாவற்றையும் நாடகம்போல் ஆக்கிவிட்டது. அந்த ஊழியர் சோதனை செய்கிற இரண்டு வைத்தியர்களில் ஒருவர் அல்ல, அவரால் முடிவை மாற்றியிருக்க முடியாது. இருந்தாலும் பணிப்பாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், திகதியும் நேரமும் போட்டு.

இரண்டாவது, கையெழுத்து. கல்யாணம் கட்டாத மகனுக்குத் தகப்பனின் சம்மதம் செல்லும். "வேண்டாம்" என்று சொல்லவும் அப்பாவுக்கு முழு உரிமை இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு கேள்வியும் இல்லாமல் விட்டிருப்பார்கள். தியேட்டருக்குக் கொண்டுபோகும் வரைக்கும் மனதை மாற்றவும் முடியும். ஆனால் நான் அந்த அறையில் இருந்திருந்தால், அம்மா எங்கே என்று கேட்டிருப்பேன். முல்லைத்தீவில் இருந்து அவவை வாகனத்தில் கூட்டி வரச் சில மணி நேரம் போதும், அந்த நேரம் கையில் இருந்தது. ஒரு மகனின் சாவைக் கடதாசியில் ஏற்க மறுத்துப் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிற தாயிடம், மற்ற மகனின் சாவும் கடதாசியாகவே வந்திருக்கிறது. அவ சந்தேகப்படுவதை அறியாமை என்று எடுக்க வேண்டாம். நீங்கள் சைன் வைக்கச் சொன்னது பிழை என்று நான் நினைக்கவில்லை. அவவை அழைக்காமல் விட்டது குறைதான், அந்தக் குறையில் பெரும் பங்கு ஆஸ்பத்திரிக்கு.

மாமாவுக்கு ஏன் இல்லை?

காசைப் பற்றி முதலில். அதே 1987ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. அப்பாவின் கைக்கு ஒரு சதம் வந்திருந்தாலும் அது குற்றம். இறந்தவரின் உறுப்பு ஆளின் பெயருக்குப் போகாமல் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவதற்கும் காரணம் இதுதான். குடும்பம் பெயர் சொல்லலாம் என்று வைத்தால், ஐ.சி.யூ வாசலில் பேரம் தொடங்கிவிடும். யாருக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லாததும், உங்களை அவர்களுக்குச் சொல்லாததும் அதே எண்ணத்தில்தான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் விதியை எல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்போம். இரண்டு கிட்னியையும் மாமாவின் பெயரில் எழுதியே கொடுத்திருந்தாலும் அவருக்குப் பொருத்தியிருக்க முடியாது. மாமா ஓ. ஓ வகைக்காரரின் இரத்தத்தில் ஏ, பி இரண்டையும் எதிர்க்கும் பொருள் குழந்தைப் பருவத்திலேயே ஊறியிருக்கும். தம்பியின் பி வகைச் சிறுநீரகத்தை வைத்துத் தைத்து, இரத்தத்தைத் திறந்துவிட்ட சில நிமிடங்களில், மேசையிலேயே அது கறுத்துச் செத்துவிடலாம். உயிரோடு இருப்பவர் கொடுக்கும்போது பல நாள், பல வாரம் மருந்தால் தயார்ப்படுத்தி வகை மாறியும் செய்கிற இடங்கள் உலகத்தில் உண்டு. இறந்தவரின் சிறுநீரகம் ஐஸில் இருப்பது ஒரு நாளுக்குள்தான் நல்லது, அதற்குள் அந்த ஆயத்தத்தைச் செய்ய முடியாது. பொசிட்டிவ், நெகட்டிவ் இதில் கணக்கில்லை. ஏ, பி, ஓ தான் கணக்கு.

சரி, மாமாவும் பி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நிச்சயமில்லை. சம்மதம் கிடைத்தவுடன் தம்பியின் இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போகும். பட்டியலில் உள்ள பொருத்தமான இரத்த வகைக்காரரின் சேமித்து வைத்த இரத்த நீரோடு தம்பியின் வெள்ளைக் கலங்களைக் கலந்து பார்ப்பார்கள். கலங்கள் செத்தால் அந்த ஆள் அன்றைக்கு இல்லை, எத்தனை வருடம் காத்திருந்தாலும் சரி. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இரத்தச் சோகைக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றியிருப்பார்கள். ஏற்றிய ஒவ்வொரு பையும் அந்நியக் கலங்களை எதிர்க்க உடம்பைப் பழக்கிவிடலாம். இந்தக் கலவைச் சோதனையில் அவர்களில் சிலர் அடிபட்டுப் போவது அதனால்தான். தப்பியவர்களுக்குள்தான் இழையப் பொருத்தம், காத்திருந்த காலம், வயது என்று பார்ப்பார்கள். டயாலிசிஸ் செய்ய நரம்பே மிச்சமில்லாத ஆளா என்றும் பார்ப்பார்கள். இரண்டு சிறுநீரகத்துக்கு இரண்டு பேரைவிடக் கூட ஆட்களைக் கூப்பிடுவதுண்டு. அன்றைக்குக் காய்ச்சலோ கால் புண்ணோ இருந்தால் அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரை எடுப்பார்கள். பட்டினியாகப் பஸ் ஏறி வந்து, வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி நான் உங்களிடம் கேட்கிற கேள்வி: மாமா பட்டியலில் இருக்கிறாரா? மூன்று வருடம் டயாலிசிஸ் என்று எழுதினீர்கள், பட்டியல் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. வன்னியில் பலர் கிழமையில் இரண்டு நாள் மெஷினுக்குப் போவதையே பட்டியல் என்று நினைத்திருக்கிறார்கள். அது தானாக நடப்பதில்லை. சிறுநீரக நிபுணரின் கடிதத்தோடு மாற்று சத்திரசிகிச்சை செய்யும் நிலையத்தின் கிளினிக்குக்குப் போக வேண்டும். இருதயத்தை ஸ்கான் பண்ண வேண்டும், மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம் சோதிக்க வேண்டும், பல்லைக்கூடப் பார்ப்பார்கள். இழைய வகை எடுத்துப் பதிந்து, கலவைச் சோதனைக்கான இரத்த நீரைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். இரத்த நீர் அங்கே இல்லாத ஆளைக் கூப்பிட வழியே இல்லை.

பதிந்த பிறகும் வவுனியாவில் இருந்து கண்டியோ கொழும்போ தூரம். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் போன் எடுக்க வேண்டும், வாகனம் பிடிக்க வேண்டும். சிம்மை மாற்றிப்போட்டு கிளினிக்குக்குச் சொல்லாமல் விட்டவர்கள் பலர். இரண்டு நம்பர் கொடுத்து வையுங்கள், ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை இரத்தம் ஏற்றும்போதும் "மாற்றுக்குப் பதிந்திருக்கிறேன், வேறு வழி உண்டோ" என்று மாமா கேட்கட்டும். இரும்பும், இரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொயெட்டின் ஊசியும் போதுமான நேரங்கள் உண்டு. ஓ வகைக்காரருக்கு ஓ மட்டுமே சரிவரும் என்பதால் அவருடைய வரிசை நீளம். குடும்பத்தில் ஓ வகை ஆரோக்கியமான ஒருவர் தானாக முன்வந்தால் அந்த வழியையும் நிபுணரோடு கதைக்கலாம். அதற்கு யாரையும் நெருக்க வேண்டாம், இந்த நேரத்தில் அம்மாவிடம் கிட்னி கேட்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

அம்மாவுக்குக் காட்டக்கூடியவை

ஐ.சி.யூ கோப்பில் மூளைச்சாவுப் படிவம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையின் நேரமும் மூச்சுச் சோதனையின் அளவுகளும் இரண்டு வைத்தியர்களின் கையெழுத்தும் அதில் இருக்கும். விபத்து மரணம் என்பதால் சட்ட வைத்திய அதிகாரிக்கும் மரண விசாரணைக்கும் தெரியாமல் உறுப்பு எடுத்திருக்க முடியாது. உடலைப் பார்த்த சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் மரணத்துக்குக் காரணம் என்னவென்று இருக்கும். அதற்கு நீதிமன்றம் ஊடாக விண்ணப்பிக்கலாம். கோப்பின் பிரதியை அப்பா பணிப்பாளருக்கு எழுதிக் கேட்கட்டும். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். படிவம் கோப்பில் இல்லை என்றாலோ, கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது என்றாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்படி இருந்தால் நான் இங்கே சொன்ன பதிலும் மாறும்.

ஆனால் கடதாசியை நீங்கள் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுக்க வேண்டாம். அந்த வீட்டுக்கு அது சரிவராது. நிபுணரிடம் முன்பே நேரம் கேட்டு, அவவைக் கூட்டிப் போங்கள். அவ ஸ்கானைப் பார்க்கட்டும். கை அசைந்ததையும் சலப் பையையும் அவவே கேட்கட்டும், நீங்கள் இடையில் புகுந்து விளக்க வேண்டாம். வார்ட் றவுண்ட் முடிந்து பதினொரு மணிக்குப் பிறகு போனால் இருந்து பேச நேரம் கிடைக்கும். தமிழ் கதைக்காத நிபுணர் என்றால் வார்ட்டில் தமிழ் டொக்டர் ஒருவரையும் கூட நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.